மழை மறைவில் ஒரு சனம்: புனைவின் நிலமும் நிர்ணயவாதமும்

1

ஒரு புனைவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதன் நிலத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மலையடிவாரத்தில் நடக்கும் கதையைத் தூக்கிக் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். கதையில் எதுவும் உடையவில்லை என்றால் அந்த மலை வெறும் படுதா. நாடகக் கொட்டகையில் பின்னால் தொங்குமே, அந்த மாதிரி.

கற்பனை நாடு, கற்பனைச் சனம் என்று எழுதப்படும் கைப்பிரதிகள் அவ்வப்போது என்னிடம் வருகின்றன. வரைபடம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது, தெய்வங்கள்கூட வரிசையாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சனம் ஆடி மாதத்தில் என்ன சாப்பிடுகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு நாவலில் வறண்ட பீடபூமியில் ஏரியோ வாய்க்காலோ இல்லாமல் எல்லோரும் மூன்று வேளை நெல்லுச்சோறு உண்கிறார்கள். இன்னொன்றில் பத்தாயிரம் பேர் கொண்ட படை, மாட்டு வண்டிகளோடு நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் நடக்கிறது. சுமை மாடு நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில்தான் நடக்கும். மேய வேண்டும், அசை போட வேண்டும். மாடு மேயாத நாட்டில் மனிதனும் பிழைக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு ஆபத்தும் உண்டு. நிலமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எழுதிவிடுவது. பாலைவனத்தான் கொடூரன், சமவெளிக்காரன் சோம்பேறி, மலைக்காரன் சுதந்திரப் பிரியன் என்கிற வகை வாய்பாடு. இதை நிர்ணயவாதம் என்கிறோம். முதல் தவறு கதையைக் கெடுக்கும். இரண்டாவது தவறு வாசகனின் அரசியலையும் சேர்த்துக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பது எப்படி என்பதை ஒரே ஒரு உதாரணத்தைக் கட்டிப் பார்த்து விளக்க முயல்கிறேன்.

2

காற்றிலிருந்து தொடங்குவோம். மேற்கே கடல், வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர், கிழக்கே பீடபூமி. மலை 2,500 மீட்டர் உயரம், பீடபூமி 500 மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று கடலிலிருந்து மலையை நோக்கி வீசுகிறது. எலும்புக்கூடு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிடமிருந்து கடன் வாங்கியது என்பதை மறைக்கவில்லை. சனங்களுக்கு நான் பெயர் வைக்கவில்லை. கரைச் சனம், மேட்டுச் சனம் என்றே சொல்லிக் கொள்வோம்.

கடல் மட்டத்தில் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது விரிந்து குளிர்கிறது. மேகம் உருவாகும் வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குறையும். 500 மீட்டரில் மேகம் கட்டத் தொடங்குவதாக வைத்தால் அங்கே 23 டிகிரி. அதற்கு மேல் நீராவி நீராக மாறும்போது உள்ளிருந்த வெப்பம் வெளிப்படுவதால் குறைவது பாதியாகிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 5 டிகிரி என்று கொள்ளலாம். 2,500 மீட்டர் உச்சியில் 13 டிகிரி. இதற்குள் மழை கொட்டித் தீர்ந்து விட்டது. மறுபக்கம் இறங்கும் காற்றில் ஈரம் இல்லை. எனவே இறங்க இறங்க மறுபடி கிலோமீட்டருக்கு 10 டிகிரி ஏறும். பீடபூமியை எட்டும்போது 33 டிகிரி. ஒரே காற்று, ஒரே 500 மீட்டர் உயரம். மேற்கே 23, கிழக்கே 33. மழை மறைவுப் பிரதேசம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

கணக்கு தோராயமானதுதான். ஆனால் திசை சரி. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலையைத் தாண்டிய புனேயில் 700 வாக்கில்தான். நம் கற்பனைப் பீடபூமிக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம்.

இந்த ஒரு எண்ணிலிருந்து அன்றாடம் விரிகிறது. 600 மில்லிமீட்டரில் ஏரிப் பாசனம் இல்லாமல் நெல் விளையாது. சோளமும் கம்பும் விளையும். ஆனி, ஆடியில் விதைத்து ஐப்பசி வாக்கில் அறுப்பார்கள். விளைச்சல் நிச்சயமில்லை என்பதால் மாடும் ஆடும் கூடவே வேண்டும். பயிர் பொய்த்த வருஷம் விற்பதற்கோ ஓட்டிக் கொண்டு போவதற்கோ. மண் வறண்டிருப்பதால் தானியத்தைக் குழி வெட்டிப் புதைத்து வைக்கலாம். சுவர் கனமாக, சன்னல் சிறியதாக, கூரை தட்டையாக இருக்கும். அந்தக் கூரையே களம், அதுவே படுக்கை. கரையில் இதெல்லாம் தலைகீழ். குழி வெட்டினால் நீர் ஊறும், ஆகவே தானியம் தரையிலிருந்து உயர்த்திய பத்தாயத்தில் இருக்கும். கூரை செங்குத்தாக இறங்கும், இறவாரம் சுவரை விட்டு நெடுக நீளும். நான்கு மாதம் வெளியே உலர்த்த முடியாது என்பதால் அடுப்புக்கு மேலே பரண் இல்லாத வீடு இருக்காது.

இதோடு நிறுத்திவிடக் கூடாத ஒரு விஷயம் உண்டு. ஆறுகள் மலை உச்சியில், அதாவது ஈரத்தில் பிறந்து கிழக்கே வறட்சிக்குள் ஓடுகின்றன. கிருஷ்ணா மகாபலேஷ்வர் பக்கம் பிறப்பது போல. எனவே மேட்டுச் சனம் ஒரு விநோதத்தோடு வாழ்கிறது. தலைக்கு மேல் துளி விழாத நாளிலும் ஆற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் வந்தால் மழை எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சனத்தின் தெய்வம் மேகத்தில் இருக்குமா, மலையில் இருக்குமா? யோசித்துப் பாருங்கள். புராணம்கூட மழைமானியிலிருந்து தொடங்கலாம்.

3

இனி வியாபாரம். கற்பனை நாடுகளில் வியாபாரம் என்றால் பட்டு, முத்து, வாசனைத் திரவியம் என்று எழுதுகிறார்கள். அரண்மனை வாசலில் நின்று எழுதுபவர்களின் பட்டியல் அது. ஒரு சனத்துக்கு எது இல்லாவிட்டால் முடியாது என்று கேட்டால் பட்டியல் மாறிவிடும். மேட்டுச் சனத்துக்கு இல்லாதது உப்பு. உள்நாட்டில் உவர்மண் கிடையாது என்று வைத்துக் கொள்வோம்.

கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 200 பேர், 300 மாடுகள். ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் என்றால் ஆண்டுக்கு ஊருக்கு 700 கிலோ சொச்சம். மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் என்று வைத்தால் 3,300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக நாலாயிரம் கிலோ. இதில் மனிதன் தின்பது சிறு பங்கு. உப்பைக் கேட்பது மாடு. மாடு வளர்க்க வைத்தது மழை. மழைக்கும் உப்புக்கும் சம்பந்தம் இப்படி வருகிறது.

பொதி மாடு ஒன்று 100 கிலோ சுமக்கும் என்றால் ஊருக்கு 40 பொதி. கடற்கரையிலிருந்து ஊர் 150 கிலோமீட்டர், பத்து நாள் நடை. போக வர இருபது, சந்தையிலும் இளைப்பாறலிலும் பத்து, ஆக ஒரு நடைக்கு ஒரு மாதம். உப்பளம் வெயிலில்தான் விளையும். அந்தக் கரையில் அது ஜனவரியிலிருந்து மே வரை. ஜூனில் கணவாய் சேறாகி மூடிக் கொள்ளும். எனவே ஒரு மாடு ஐந்து நடை போகலாம். ஊருக்கு எட்டு மாடு, நூறு ஊருக்கு எண்ணூறு மாடு. எண்ணூறு மாடும் ஒன்றாகப் போக முடியாது, மேய்ச்சல் தாங்காது. ஆகவே சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தங்கல், தங்கலில் தண்ணீரும் புறம்போக்கு மேய்ச்சலும். தங்கல்களில் சில சந்தையாகும், சந்தைகளில் சில ஊராகும். திரும்பும்போது மாடு வெறுமனே வராது. சோளமும் பருத்தியும் நெய்யும் கரைக்கு இறங்கும்.

இப்போது நம் கதையில் இரண்டு சனம் இல்லை, மூன்று. வழியிலேயே பிறந்து வழியிலேயே வாழ்கிற ஒரு சனம் தானாக வந்து நிற்கிறது. இதை நான் கற்பனை செய்யவில்லை, கணக்குக் கொண்டு வந்து நிறுத்தியது. சங்கக் கவிதைகளில் உப்பு வண்டியோடு வரும் உமணர்களை நாம் அறிவோம். பின்னாளில் பொதி மாடுகளோடு தக்காணம் முழுக்கத் தானியமும் உப்பும் கொண்டு போன லம்பாடிகளையும் அறிவோம்.

ஆனால் இங்கேதான் நிலம் பேசுவதை நிறுத்துகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கணவாய் மூடியிருக்கும் என்று நிலம் சொல்கிறது. அந்த நான்கு மாதம் உப்புக் கையிருப்பு யாரிடம் இருக்கும் என்று நிலம் சொல்வதில்லை. ஊர்ப் பொதுக் கிடங்கில் இருக்கலாம். கோவிலில் இருக்கலாம். மே மாதம் மலிவாக வாங்கி ஆவணியில் கடனுக்குக் கொடுக்கும் ஒற்றை ஆள் வீட்டில் இருக்கலாம். மழை ஒன்றுதான், கணவாய் ஒன்றுதான். மூன்று ஏற்பாட்டுக்கும் மூன்று வேறு சமூகம், மூன்று வேறு நாவல். புவியியல் கேள்வியைத் தருகிறது, விடையை அதிகாரம் தருகிறது. என் வாதம் மொத்தமும் இவ்வளவுதான்.

4

யுத்தத்துக்கும் இதே முறைதான். முதலில் நாள்காட்டி. மேட்டுச் சனத்தின் படை அறுவடைக்கு முன்னால் கிளம்ப முடியாது. ஆள் வயலில் இருப்பான், மாட்டுக்குத் தட்டை கிடைக்காது, ஆறுகளைக் கடக்க முடியாது. ஐப்பசிக்குப் பிறகு கிளம்பி ஜூனுக்குள் திரும்பியாக வேண்டும். மராத்தியப் படைகள் மழை முடிந்து தசராவில் எல்லை தாண்டிக் கிளம்புவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தன. நம் முல்லைத் திணையில் கார்காலம் வந்தும் தலைவன் பாசறையிலிருந்து திரும்பவில்லையே என்று தலைவி ஏங்குகிறாள். அந்த ஏக்கத்துக்குள் ஒரு படைத்துறை நாள்காட்டி இருக்கிறது. மழை வந்தால் போர் ஓய வேண்டும், ஆள் வீடு வர வேண்டும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற அடுக்கை வெறும் கவிதை இலக்கணமாகப் படித்துப் பழகிவிட்டோம். காலமும் இடமும் முதலில், விலங்கும் தொழிலும் பிறகு, மனசு கடைசியில் என்கிற அந்த வரிசையை நாவலாசிரியன் ஒரு வேலைமுறையாகவும் எடுத்துக் கொள்ளலாம்.

அடுத்தது முற்றுகை. கணவாய்க்கு மேலே கரைச் சனம் ஒரு கோட்டை கட்டியிருக்கிறது. மேட்டுப் படை மார்ச் தொடக்கத்தில் வந்து சூழ்கிறது. ஜூனில் மழை வந்தால் படைக்குப் பின்னால் ஆறு பெருகும், தீவனம் அழுகும், கூடாரம் ஒழுகும், முற்றுகை கலைந்துவிடும். ஆக, கோட்டை வெல்ல வேண்டியதில்லை. நூறு நாள் தாக்குப் பிடித்தால் போதும். தாக்குப் பிடிப்பதைத் தீர்மானிப்பது வாளல்ல, தொட்டி.

500 பேருக்கு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 2,500 லிட்டர். நூறு நாளுக்கு 2,50,000 லிட்டர், அதாவது 250 கன மீட்டர். பாறையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஆழம் இரண்டரை மீட்டர் வெட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. திறந்த தொட்டியில் கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும். நூறு நாளில் 60 சென்டிமீட்டர் போய்விடும். மூன்று மீட்டருக்கு மேல் வெட்டியாக வேண்டும், அல்லது மேலே மூட வேண்டும். குதிரையும் உள்ளே இருந்தால் கணக்கு மறுபடி உடையும். ஒரு குதிரை நாளுக்கு முப்பது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஐம்பது குதிரை நின்றால் தண்ணீர் அறுபது நாள்தான் வரும். குதிரையை என்ன செய்வது? வெளியே விடுவதா, வெட்டித் தின்பதா, ஆட்களைக் குறைப்பதா? அத்தியாயம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நான் வாசித்த முற்றுகைக் காட்சிகளில் மதிலேறிச் சண்டை போட்டவர்கள் ஏராளம். தொட்டியில் கழி விட்டு ஆழம் பார்த்தவன் ஒருவனைக்கூடக் கண்டதில்லை.

இங்கும் நிலம் ஓர் இடத்தில் வாயை மூடிக் கொள்கிறது. தொட்டி எத்தனை ஆழம் வேண்டும் என்று சொல்லும். அதை வெட்டியவர்கள் முற்றுகையின்போது மதிலுக்கு உள்ளே இருந்தார்களா, வெளியே விடப்பட்டார்களா என்று சொல்லாது. தண்ணீர் அளவு குறையும்போது முதலில் யாருடைய பங்கு வெட்டப்படுகிறது என்பதும் காலநிலையில் எழுதப்பட்டிருக்கவில்லை.

உர்சுலா கே. லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலின் கெதென் கிரகத்தில் கடுங்குளிர், தீராத பனி. அங்கே கொலை உண்டு, பகை உண்டு, யுத்தம் இல்லை. ஏன்? அவர்களுக்கு நிலையான ஆண், பெண் பால் கிடையாது என்பதாலா, குளிரோடு போராடவே தெம்பு சரியாக இருப்பதாலா? நாவலுக்குள் வரும் ஆய்வாளரின் குறிப்பு இரண்டு காரணத்தையும் முன்வைத்துத் தீர்க்காமல் விட்டுவிடுகிறது. அந்தத் தீர்க்காமைதான் அந்த நாவலை வாய்பாடாகாமல் காப்பாற்றுகிறது என்பது என் வாசிப்பு.

5

விடையையும் நிலத்திடமே வாங்கிக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் புனைவுக்கு வெளியே பெரிய உதாரணம் இருக்கிறது. கார்ல் விட்ஃபோகல் 1957இல் எழுதிய நூலில், பெரும் பாசனம் வேண்டிய வறண்ட நாடுகளில் அதை நடத்த மையப்பட்ட அதிகாரவர்க்கம் தேவைப்பட்டது, அதிலிருந்தே கீழைத்தேயக் கொடுங்கோன்மை பிறந்தது என்று வாதித்தார். கேட்க ஒழுங்காக இருக்கிறது: வறட்சி, வாய்க்கால், அதிகாரி, சர்வாதிகாரம். 1959இல் எட்மண்ட் லீச் இலங்கையின் வறள் மண்டலத்தை எடுத்துக் கொண்டு இந்தச் சங்கிலியை அறுத்தார். அங்கிருந்த மாபெரும் ஏரிகளும் கால்வாய்களும் ஒரே திட்டத்தில் எழுந்தவை அல்ல, பல நூற்றாண்டுகளில் துண்டு துண்டாகச் சேர்ந்தவை. அடித்தளமாக இருந்த ஊர்க் குளங்களை அந்தந்த ஊரே பராமரிக்க முடிந்தது. வறட்சி இருந்தது, ஏரி இருந்தது, ஆனால் மூன்றாவது கண்ணி கட்டாயமாக வரவில்லை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். ‘வானம் பொய்த்தது, சனம் செத்தது’ என்கிற வாக்கியம் நமக்குப் பழக்கமானது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது உண்மை. அதே காலத்தில் ரயில் போன வழியாகத் தானியம் வெளியே போனதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் எழுதினால் அது புவியியல் போல இருக்கும். உண்மையில் அது ஆட்சியின் வாக்குமூலம்.

நம் கதையின் மூன்றாவது சனத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். தமிழகத்தில் உப்பும் தானியமும் சுமந்து உள்நாட்டுக்கும் கரைக்கும் நடந்தவர்களில் ஒரு பிரிவினர் உப்புக் குறவர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசின் உப்புக் கொள்கையும் சாலையும் ரயிலும் அந்தத் தொழிலை நொறுக்கின. காடும் புறம்போக்கும் சட்டத்துக்குள் போனதில் மேய்ச்சலும் போனது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, அலைவதே குற்றம் என்றாயிற்று. மலை அப்படியே இருந்தது, மழையும் அப்படியே இருந்தது. நிலம் தேவைப்படுத்திய ஒரு வாழ்வு, காகிதத்தில் குற்றமாக மாறியது. இந்தச் சனத்தைப் பற்றி ‘இயல்பிலேயே நாடோடிகள்’ என்று எழுதும் கதாசிரியன், தான் அறியாமலே அந்தச் சட்டத்தின் முன்னுரையை எழுதிக் கொண்டிருக்கிறான்.

6

ஆகவே எழுதுபவருக்கு நான் சொல்லக் கூடியது இரண்டு சோதனைகள். ஒன்று, முதலில் சொன்னது: நிலத்தை மாற்றிப் பாருங்கள், கதை உடைய வேண்டும். கணவாயைத் திறந்து விட்டால் உப்புக் கடன் இல்லாமல் போக வேண்டும், முற்றுகை நூறு நாளில் முடியக் கூடாது. உடையாவிட்டால் காற்றுக்குத் திரும்பிப் போய் மறுபடி கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது இதன் மறுபக்கம். நிலத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையிருப்பின் உரிமையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒற்றை ஆள் வீட்டு உப்பைப் பொதுக் கிடங்குக்குக் கொண்டு வாருங்கள். தொட்டியின் சாவியை வெட்டியவன் கையில் கொடுங்கள். இதிலும் கதை உடைய வேண்டும். அப்போதும் எல்லாம் முன்போலவே நடந்தால், மனிதர்கள் செய்ததை நீங்கள் மழையின் மேல் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முதல் சோதனையில் தோற்கும் பிரதிகள் சலிப்பூட்டும், அதோடு போயிற்று. இரண்டாவதில் தோற்பவை பெரும்பாலும் நன்றாக எழுதப்பட்டவை, நிறையப் பேர் வாசிப்பவை. எனக்கு அச்சம் அவற்றிடம்தான். மேட்டுச் சனத்தின் ஒரு பெண் ஆவணி மாதம் கைப்பிடி உப்புக்காகக் கடன் பத்திரத்தில் ரேகை வைக்கிறாள். வெளியே ஆறு பெருகி ஓடுகிறது, துளி மழை இல்லை. ஆறு ஏன் பெருகியது என்று விளக்கக் காற்றும் மலையும் போதும். ரேகையை விளக்க வேறு யாரையோ கேட்க வேண்டும்.